காற்றை எதிர்க்கும் தூண்கள்

காற்றில் வளையும் தென்னையின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். உயரமான அடுக்குமாடிச் சட்டகத்தையும் அப்படி ஊன்றி நிற்கும் ஒரே மரமாக எண்ணிக் கணக்கிடுவதுதான் கான்டிலீவர் முறை. இதை 1908-இல் அமெரிக்காவில் முன்வைத்தவர் ஏ. சி. வில்சன்.

ஒவ்வொரு தூணின் நடுவிலும், ஒவ்வொரு உத்தரத்தின் நடுவிலும் ஒரு கீல் இருப்பதாகக் கொள்கிறார்கள். வளைவு திசை மாறும் இடம் அது. அங்கே திருப்புத்திறன் இல்லை. தூணில் ஏறும் தகைவோ, தூண்களின் பொது மையத்திலிருந்து அது விலகி நிற்கும் தூரத்துக்கேற்பக் கூடும்.

மேல்மாடியை மட்டும் பார்ப்போம். 5 மீட்டர் இடைவெளியில் ஒரே பருமனுள்ள மூன்று தூண்கள். உயரம் 4 மீட்டர். கூரை மட்டத்தில் 30 கிலோநியூட்டன் காற்று. தூண்களின் பாதி உயரத்தில் வெட்டினால் திருப்புத்திறன் 30 × 2 = 60. நடுத்தூண் மையத்திலேயே நிற்பதால் அதற்கு இழுவையும் இல்லை, அமுக்கமும் இல்லை. ஓரத்தூண்களுக்கு இடையே 10 மீட்டர்; எனவே ஒன்றில் 6 கிலோநியூட்டன் இழுவை, மற்றதில் 6 அமுக்கம்.

அதே 6, உத்தரத்தின் நடுக்கீலிலிருந்து 2.5 மீட்டர் நெம்பி ஓரத்தூணின் தலையில் 15 திருப்புத்திறனைத் தருகிறது. தூணின் கீல் 2 மீட்டர் கீழே இருப்பதால் அதன் பக்கவிசை 7.5. நடுத்தூணை இரு உத்தரங்கள் பிடிக்கின்றன, அதற்கு 15. மூன்றையும் கூட்டினால் 30 வர வேண்டும், வருகிறது. வராவிட்டால் எங்கோ பிழை.

குட்டையான, அகன்ற கட்டடத்தில் இந்தத் தென்னைக் கற்பனை பொருந்தாது. அடித்தளத்தில் இறுகப் பிணைத்த தரைத்தளத் தூணிலும் கீல் நடுவில் நிற்காது, சற்று மேலே ஏறிவிடும்.