‘வாடகை இன்னும் வரலையே தம்பி!’

ஒன்பதாம் தேதி காலையில் வீட்டு உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி: “தம்பி, இந்த மாச வாடகை இன்னும் வரலையே.” ஐந்தாம் தேதியே பணம் போட்டாயிற்று. உடனே ஜிபேயைத் திறந்து, பச்சை டிக் விழுந்த பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “அப்பவே அனுப்பிட்டேனே சார்” என்று போட்டுவிடுகிறோம். “என் பேங்க்ல வரலப்பா” என்று பதில் வருகிறது. அதற்கு மேல் நடப்பது வாக்குவாதம்தான்.

அந்த ஸ்கிரீன்ஷாட் ஏன் எடுபடுவதில்லை? போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கச் செயலிகளே இருக்கின்றன என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு. நம் கணக்கிலிருந்து பணம் போனதை மட்டும்தான் அந்தப் படம் சொல்கிறது. அவருடைய எந்தக் கணக்கில், எந்த எண்ணின் கீழ் தேட வேண்டும் என்பதை அது அவருக்குச் சொல்வதில்லை. அவர் தேடிக் கண்டுபிடிக்க உதவும் செய்திதான் உண்மையில் சான்று.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வாடகை ரூ.14,500. அந்த மாதம் கரண்ட் பில் ரூ.1,180-ஐயும் சேர்த்து, 2025 ஆகஸ்ட் 5 அன்று வீட்டுக்காரரின் மொபைல் எண்ணுக்கு ரூ.15,680 அனுப்பப்பட்டது. வீட்டுக்காரரோ இந்தியன் வங்கி பாஸ்புக்கில் 14,500 என்ற தொகையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தத் தொகை அங்கே எப்படி இருக்கும்? போதாததற்கு, போன மாதம் அவருடைய மகன் புது போனில் செயலியை ஏற்றியபோது ஐ.ஓ.பி. கணக்கை முதன்மைக் கணக்காக வைத்துவிட்டார். மொபைல் எண்ணுக்கு அனுப்பும் பணம், அந்த எண்ணோடு அப்போது எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போய் விழும். பணம் வந்துவிட்டது, பார்க்கிற இடம்தான் தப்பு. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

இதை வாடகைக்கு இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? செயலியை மூடிவிட்டு, தன் வங்கியின் ஸ்டேட்மெண்டைத் திறக்க வேண்டும். பல வங்கிகளின் ஸ்டேட்மெண்டில் யுபிஐ வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
UPI/DR/5217XXXXXXXX/பெறுபவர் பெயர்/IOBA/...
```

நடுவில் உள்ள 12 இலக்க எண்தான் முக்கியம். UTR என்றும் RRN என்றும் சொல்வது இதைத்தான். ஜிபேயில் இது UPI transaction ID என்ற பெயரில் இருக்கும். அதன் அருகிலேயே எழுத்தும் எண்ணும் கலந்த இன்னொரு நீளமான எண் இருக்கும். அது அந்தச் செயலியின் சொந்தக் கணக்குக்கானது. வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் கவுன்டரில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவசரத்தில் பலர் அனுப்பிவைப்பது அந்த எண்ணைத்தான்.

12 இலக்க எண்ணில் ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாக இருக்கும். அடுத்த மூன்றும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். 2025 ஆகஸ்ட் 5 அந்த ஆண்டின் 217-ஆவது நாள். அதனால் 5217 என்று தொடங்குகிறது. போன மாத எண்ணைத் தவறுதலாக நகல் எடுத்துவிட்டோமா என்று பார்க்க இது கைகொடுக்கும்.

பெயரை அடுத்து வரும் நான்கெழுத்து, பணம் போன வங்கியின் குறியீடு. IOBA என்றால் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, IDIB என்றால் இந்தியன் வங்கி. வீட்டுக்காரரின் கணக்கு எண் நமக்குத் தெரியாவிட்டாலும், எந்த வங்கியில் தேடச் சொல்ல வேண்டும் என்பது நம் ஸ்டேட்மெண்டிலேயே இருக்கிறது.

பதில் எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். ஐந்தாம் தேதி வரியோடு நிறுத்தாமல் இன்றுவரை ஸ்டேட்மெண்டைப் படியுங்கள். போன பணம் திரும்பி வந்திருக்கலாம். நம் கணக்கில் கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராத யுபிஐ பணம் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. திரும்பி வந்திருந்தால் பேச்சே இல்லை, வாடகை பாக்கிதான். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி அனுப்ப வேண்டியதுதான். பெயர் மாறி வேறு யாருக்கோ போயிருந்தாலும் அப்படித்தான். அந்தப் பணத்தை மீட்பது நம் பாடு. வீட்டுக்காரர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால், செய்தி இவ்வளவுதான்:

“வணக்கம் சார். ஆகஸ்ட் மாத வாடகை ரூ.14,500, கரண்ட் பில் ரூ.1,180, இரண்டும் சேர்த்து ரூ.15,680 ஒரே தொகையாக 05.08.2025 காலை 9.42-க்கு உங்கள் மொபைல் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். UTR எண்: 5217XXXXXXXX. உங்கள் பெயர்தான் காட்டியது. என் ஸ்டேட்மெண்டில் வங்கி IOBA என்று இருக்கிறது. உங்கள் ஐ.ஓ.பி. கணக்கில் அன்றைய தேதியில் இந்தத் தொகை வரவாகியிருக்கிறதா என்று பார்க்கவும். இன்றுவரை பணம் எனக்குத் திரும்பி வரவில்லை. ஸ்டேட்மெண்டின் அந்தப் பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு வரி பதில் போடுங்கள் சார். வேண்டுமானால் உங்களோடு வங்கிக்கு நானும் வருகிறேன்.”

எண்ணைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள். அவர் நகல் எடுத்துத் தேட வசதியாக இருக்கும். ஸ்டேட்மெண்டில் சம்பளம், இருப்பு போன்ற வரிகளை மறைத்துவிடலாம்.

இந்தச் செய்தியில் “ஆகஸ்ட் மாத வாடகை” என்ற மூன்று சொற்களைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஜூனில் ஏதோ 5,000 பாக்கி இருந்ததாக வீட்டுக்காரர் கணக்கு வைத்திருந்தால், வந்த பணத்தை அதில் கழித்துக்கொண்டு, “ஆகஸ்ட் இன்னும் முழுசா வரலை” என்பார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவுப்படி, எந்தப் பாக்கிக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டவர் அதில்தான் வரவு வைக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், எதில் கழிப்பது என்பதை வாங்கியவரே முடிவு செய்ய 60-ஆவது பிரிவு இடம் தருகிறது. எனவே அதைப் பணம் அனுப்பும்போதே குறிப்பில் எழுதுவது நல்லது. அந்தக் கட்டத்தில் சிரிப்புப் பொம்மை போடுவதைவிட “ஆக 2025 வாடகை” என்று போட்டால் ஆயிரம் புண்ணியம்.

நெஃப்டில் அனுப்பியிருந்தால் UTR 16 இடங்கள் கொண்டது. எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அங்கே கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் பணம் வரவு வைக்கப்படுகிறது. நாம் தட்டிய பெயர் சரியாக இருந்தது என்பது சான்றாகாது. கணக்கு எண்ணை வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் அவர் “வரலை” என்று சொன்னால், வங்கிக் கிளையில் முத்திரையிட்ட ஸ்டேட்மெண்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், மின்னணு வழியில் கட்டிய வாடகைக்கு வங்கியின் ஒப்புகையே முடிவான சான்று என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கான மாதிரிதான். தமிழகத்தில் 2019 முதல் நடப்பில் இருப்பது நமது சொந்த வாடகைச் சட்டம். அதன்படி இரண்டு மாத வாடகை பாக்கி இருந்து, நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் வாடகை நீதிமன்றம் போகலாம். அதனால் நோட்டீஸ் என்று ஒன்று வந்துவிட்டால் வாட்ஸ்அப்பை நம்ப வேண்டாம். இதே விவரங்களை எழுதி, முத்திரையிட்ட ஸ்டேட்மெண்டை இணைத்து, டெலிவரி சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அந்த ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.