வாட்ஸ்அப்பில் வரும் சான்றிதழ் எதைச் சொல்கிறது?

“கவர்மென்ட்ல ரெஜிஸ்டர் ஆன கம்பெனிக்கா, பயப்படவே வேண்டாம்.” திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் பக்கத்து வீட்டுத் தங்கை இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் வருகிறது. மேலே அசோகச் சின்னம், கீழே நீளமாக ஓர் எண். சேருவதற்கு 12,500 ரூபாய் ‘கிட்’ வாங்க வேண்டும்.

சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது அந்த வியாபாரத்துக்குக் கிடைத்த அனுமதி அல்ல. இப்படி ஒரு கம்பெனி பிறந்தது என்பதற்கான பிறப்புச் சான்றிதழ், அவ்வளவுதான். கட்டணம் கட்டி, ஆவணங்களைச் சரியாகக் கொடுத்தால் யாரும் அதைப் பெறலாம்.

ஆனாலும் அதிலிருக்கும் 21 இலக்க CIN எண் கொஞ்சம் பேசும். U47990TZ2023PTC என்று தொடங்கி, கடைசியில் ஆறு எண்களோடு முடிகிறது என்று கொள்வோம். U என்றால் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி. 47 என்று தொடங்கும் ஐந்து எண்கள் சில்லறை வியாபாரத்தைக் குறிப்பவை. TZ என்றால் கோவைப் பதிவாளர் அலுவலகம். சென்னை என்றால் TN என்றிருக்கும். அடுத்து வருவது பதிவான ஆண்டு. “பதினைந்து வருஷமா நடக்கிற கம்பெனி” என்று மேடையில் பேசியவர், 2023 எப்படி வந்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணை மத்திய கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் www.mca.gov.in தளத்தில் உள்ள View Company or LLP Master Data பகுதியில் தேடிப் பார்க்கலாம். நிலை Active என்று இருக்கிறதா, Strike Off என்று இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அடுத்து, கடைசியாக எந்த ஆண்டுக்கு பேலன்ஸ் ஷீட் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஊரெல்லாம் கூட்டம் போட்டுக் கோடிகளைப் பற்றிப் பேசும் கம்பெனி மூன்று வருடமாகக் கணக்கே காட்டவில்லை என்றால், அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

அடுத்தது பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலத்துக்கானவை, தமிழ்நாட்டுக்கு 33. அதற்குப் பின்வரும் பத்தும் பான் எண். ஆகவே ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்தைப் பார்த்தாலே அது யாருடையது என்று தெரிந்துவிடும். C என்றால் கம்பெனி; P என்றால் தனிநபர். பெட்டியில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று அச்சடித்துவிட்டு, பில்லில் P உள்ள எண்ணைப் போட்டால், பணம் கம்பெனியின் கணக்குக்கே போகவில்லை என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. www.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்தால் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும், யார் பெயரில் உள்ளது என்பதும் வந்துவிடும்.

இவை எல்லாமே சரியாக இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. 2019-ல் ஹைதராபாத்தை ஒட்டிய சைபராபாத் போலீசார் வழக்குப் போட்ட ‘இபிஸ்’ பதிவான பிரைவேட் லிமிடெட் நிறுவனம்தான். 16,821 ரூபாய் கட்டிச் சேர்ந்தவர்களுக்கு ஆன்லைன் கம்ப்யூட்டர் பாடங்கள் கிடைத்தன. ஆனால் கமிஷன் வந்தது புதிதாக ஆள் சேர்த்தால்தான் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு.

நேரடி விற்பனைக்கென்று மத்திய அரசு 2021 டிசம்பரில் அறிவித்த விதிகள் இந்த இடத்தைத்தான் பிடிக்கின்றன. ஆள் சேர்ப்பதற்காகவே பலன் தரும் பிரமிடு திட்டத்துக்கு அவற்றில் தடை இருக்கிறது. விற்பனையாளரோடு கம்பெனி எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட வேண்டும், அடையாள அட்டை தர வேண்டும். மனம் மாறினால் அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு கால அவகாசமும் உண்டு. சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016-ல் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. விதிகளைப் பின்பற்றுகிறோம் என்று கம்பெனிகள் அளிக்கும் உறுதிமொழியோ அவர்களே எழுதித் தருவது. அரசு சோதித்துக் கொடுத்த முத்திரை அல்ல.

ஆகவே திருப்பூர்ப் பெண் தங்கையிடம் கேட்க வேண்டியவை இரண்டு. “ஒப்பந்தப் பத்திரத்தை முதல்ல அனுப்பு, படிச்சுப் பார்க்கிறேன். யாரையும் சேர்க்காம சாமானை மட்டும் வித்தா மாசம் எவ்வளவு வரும்?” பத்திரம் வராமல் கியூஆர் கோடு மட்டும் வந்தால், அதை ஸ்கேன் செய்ததும் திரையில் எழும் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். கம்பெனியின் பெயருக்குப் பதிலாக ஓர் ஆளின் பெயர் தெரிந்தால், பின் நம்பரை அழுத்தாமல் வெளியே வந்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து விவரம் கேட்கலாம்.