ஒரு மீட்டர் குறைந்தால் ஒரு லெவல் கூடும்: பள்ளி அணிக்கு பீப் டெஸ்ட்

பள்ளி ஹாக்கி அணிக்கோ கால்பந்து அணிக்கோ ஆள் எடுக்கும் சமயத்தில் பல மைதானங்களில் ஒலிபெருக்கியிலிருந்து 'பீப்' சத்தம் கேட்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர். ஒரு பீப்புக்குள் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அடைய வேண்டும். அப்படி ஒருமுறை ஓடுவது ஒரு ஷட்டில். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை லெவல் ஏறும், பீப்புகள் நெருங்கி வரும். கோட்டை எட்ட முடியாதவர் வெளியே. கனடாவில் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் லேஜே 1980களில் உருவாக்கிய சோதனை இது. செலவே இல்லாமல் ஒரு மாணவரின் மூச்சுத் தாக்குப்பிடிக்கும் திறனை ஓரளவு காட்டிவிடும் என்பதால்தான் பள்ளிகளுக்கு இத்தனை பிடித்துப்போனது. இந்தியக் கிரிக்கெட் அணியைப் பற்றிய செய்திகளில் வரும் யோ-யோ டெஸ்ட் வேறு. அதில் ஒவ்வொரு 40 மீட்டருக்கும் இடையே சிறு ஓய்வு உண்டு, இதில் ஓய்வே கிடையாது. அதனால் அந்த மதிப்பெண்ணை இதனுடன் ஒப்பிடவே கூடாது.

சோதனை எளிது என்பதால் அதைத் தப்பாக நடத்துவதும் எளிது. முதல் தப்பு கோட்டிலேயே தொடங்குகிறது. டேப் கிடைக்காத அவசரத்தில் 20 எட்டு வைத்துக் கோடு போட்டுவிடுவார்கள். 20 மீட்டர் 19 ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறாவது லெவலின் வேகம் மணிக்கு 11 கி.மீ.; ஒரு ஷட்டிலுக்கு 6.55 வினாடி. அந்த நேரத்தில் 19 மீட்டர் ஓடினால் போதும் என்றால், மாணவர் உண்மையில் ஓடும் வேகம் ஏறத்தாழ 10.4 கி.மீ.தான். அது ஐந்தாவது லெவலின் வேகம். ஒரே ஒரு மீட்டர் குறைந்ததற்கு ஒரு முழு லெவல் இனாம். அடுத்த முறை அதே மாணவர் சரியாக அளந்த மைதானத்தில் ஓடி, லெவல் குறைந்து நிற்கும்போது 'விடுமுறையில் சோம்பிவிட்டாய்' என்று திட்டு வாங்குவார்.

ஆகவே டேப் வேண்டும். அதிலும் ஒரு ஓரத்தில் மட்டும் அளந்தால் போதாது. இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கோடுகள் இணையாக இராமல், ஒரு கோடியில் ஓடுபவருக்கு 20 மீட்டர், மறு கோடியில் ஓடுபவருக்கு 19.5 மீட்டர் என்று ஆகிவிடும். அளந்த இடத்தில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து வைத்துவிட்டால் அடுத்த சோதனைக்கும் அதே களம் கிடைக்கும்.

அடுத்தது ஒலிப்பதிவு. போனில் கிடைக்கும் ஆப்புகள் எல்லாம் ஒன்றல்ல. பரவலாகப் பயன்படும் ஒரு வகை மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் தொடங்கும், இன்னொரு வகை 8.5-இல் தொடங்கும். லெவலுக்கு எத்தனை ஷட்டில் என்பதும் மாறும். ஸ்டாப்வாட்ச் எடுத்து முதல் லெவலின் பீப்புகளை அளந்தால் தெரிந்துவிடும்: இடைவெளி 9 வினாடி என்றால் முதல் வகை, ஏறத்தாழ எட்டரை என்றால் இரண்டாவது. எது என்று நோட்டில் எழுதிவைத்து, ஆண்டு முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்க வேண்டாம். ஏழாவது லெவலில் யாராவது கூப்பிட்டால் அந்த பேட்சின் சோதனையே வீண்.

ஆனால் பெரும்பாலான அநியாயம் நடப்பது திரும்பும் இடத்தில். இருபது பேரை ஒரே வரிசையில் நிறுத்தி, ஓர் ஆசிரியர் மட்டும் நடுவில் நின்று பார்த்தால் எதுவும் பிடிபடாது. கோட்டருகே உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். ஒருவர் கோட்டில் கால் பதித்து, சட்டென்று முறித்துத் திரும்புகிறார். பக்கத்தில் இருப்பவர் அரை மீட்டர் முன்னதாகவே திரும்பிவிடுகிறார். மூன்றாமவர் பீப்புக்கு முன்பே வந்துசேர்ந்து, காத்திராமல் கிளம்பிவிடுகிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் அரை மீட்டர் மிச்சம் பிடிப்பவர் 40 ஷட்டிலில் 20 மீட்டர், அதாவது ஒரு முழு ஷட்டில் குறைவாக ஓடியிருப்பார். தொலைவை விடுங்கள், ஒவ்வொரு ஷட்டிலிலும் அவருக்குத் தேவைப்பட்ட வேகமே குறைவு. அது பெரிய சலுகை.

இதற்கு ஒரே வழி, ஓடும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி ஆள். அணியை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் ஓட, பாதிப் பேர் கையில் தாளும் பேனாவுமாகத் தன் ஜோடியை மட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஷட்டிலுக்கும் ஒரு கட்டம், முடித்ததும் அதில் ஒரு கோடு. ஒரு கால் கோட்டைத் தொட்டால்தான் அது கணக்கு. ஒருமுறை தவறினால் எச்சரிக்கை, அடுத்தடுத்து இரண்டுமுறை தவறினால் வெளியே. தவறிய ஷட்டில்கள் கணக்கில் சேராது. சில இடங்களில் மொத்தமாகவே இரண்டு தவறுகள்தான் அனுமதி. எந்த விதியானாலும் சரி, ஓட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிட வேண்டும். நெருங்கிய நண்பர்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட விடாதீர்கள். ஒருவர் நின்றால் மற்றவரும் நின்றுவிடுவார்.

நம் ஊர் வெயிலில் நேரமும் ஒரு விதிதான். காலை ஏழு மணிக்குள் முடிப்பதே நல்லது. ஜூனில் காலையிலும் செப்டம்பரில் பிற்பகலிலும் வைத்தால் வெயிலைத்தான் அளக்கிறோம். செருப்பில்லாமல் ஓடிய மாணவர் அடுத்த முறை ஷூ போட்டு ஓடினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் வந்தவர், போன வாரம் காய்ச்சலில் கிடந்தவர், வீசிங் உள்ளவர் யார் யார் என்று முன்கூட்டியே கேட்பது ஆசிரியரின் கடமை. நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

இனி மதிப்பெண். 6.8 என்றால் ஆறாவது லெவலில் எட்டு ஷட்டில் முடித்தவர் என்று பொருள். இது தசம எண் அல்ல. 8 கி.மீ.யில் தொடங்கும் பதிவில் ஆறாவது லெவலில் 10 ஷட்டில்கள் உண்டு; அதை முழுதாக முடித்தவரின் மதிப்பெண் 6.10. எக்செல்லில் அதைத் தட்டினால் 6.1 என்று சுருங்கிவிடும். அதாவது, லெவலை முழுதாக முடித்தவரும் அதன் முதல் ஷட்டிலோடு நின்றவரும் ஒன்றாகிவிடுவார்கள். சராசரி போட்டாலும் இதே குளறுபடி. தீர்வு, எல்லாவற்றையும் மொத்த ஷட்டிலாக மாற்றுவது. இந்தப் பதிவில் நான்காவது லெவல் முடிவில் 32, ஐந்து முடிவில் 41, ஆறு முடிவில் 51, ஏழு முடிவில் 61.

பதினான்கு வயதுக்குட்பட்ட ஒரு ஹாக்கி அணியை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். லெஃப்ட் விங் ஆடும் மாணவர் ஜூனில் 6.10, செப்டம்பரில் 7.3. 'ஒரு லெவல் ஏறிவிட்டான்' என்று தோன்றும். மொத்த ஷட்டிலில் பார்த்தால் 51 இப்போது 54. மூன்றே ஷட்டில், 60 மீட்டர். நடு ஆட்டக்காரர் 5.2-இலிருந்து 6.8-க்கு வந்திருக்கிறார். இதுவும் பார்வைக்கு 'ஒரு லெவல்'தான். ஆனால் 34 ஷட்டில் 49 ஆகியிருக்கிறது; 300 மீட்டர் கூடுதல். ஃபுல் பேக் ஆடுபவர் 5.8-இலிருந்து 5.5-க்கு இறங்கியிருக்கிறார். 40 இப்போது 37.

இவற்றில் எது உண்மையான மாற்றம்? அதைத் தெரிந்துகொள்ள அணியின் 'சாதாரண ஏற்ற இறக்கம்' எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். பருவத் தொடக்கத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டுமுறை சோதனை வையுங்கள். இடையில் கடினப் பயிற்சி கூடாது. வாழ்க்கையில் முதல்முறையாக ஓடுபவர்களுக்கு அதற்கு முன் ஒரு பழக்க ஓட்டமும் வேண்டும். எப்போது வேகம் கூட்டுவது, எப்படித் திரும்புவது என்று கற்றுக்கொள்வதாலேயே இரண்டாவது முறை மதிப்பெண் ஏறும். அந்த ஒரு வாரத்தில் யாரும் பலசாலி ஆகிவிடுவதில்லை. ஆனாலும் எண்கள் மாறும். பெரும்பாலோருக்கு அந்த மாற்றம் ஐந்து ஷட்டிலுக்குள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விங்கரின் மூன்று ஷட்டில் ஏற்றத்துக்கும் ஃபுல் பேக்கின் மூன்று ஷட்டில் இறக்கத்துக்கும் பொருளே இல்லை. இருவரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். நடு ஆட்டக்காரர்தான் முன்னேறியிருக்கிறார்.

மதிப்பெண்ணை 'விஓ2 மேக்ஸ்' என்ற ஆக்சிஜன் அளவாக மாற்றித்தரும் அட்டவணைகளும் உண்டு. பள்ளி மாணவர்களுக்கான லேஜேயின் சமன்பாட்டில் பிழை ஏறத்தாழ 12 சதவீதம். பதின்மூன்று வயது மாணவருக்கு அந்தப் பிழை இரண்டு லெவல் வித்தியாசத்தைவிடப் பெரியது. ஆகவே அந்த எண்ணை வைத்து இரண்டு மாணவர்களில் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்துவது தவறு.

வயதும் வளர்ச்சியும் இன்னொரு சிக்கல். ஆண் பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டியும் பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அதனால் ஒரே வகுப்பில் ஒருவர் உயர்ந்து வளர்ந்து நிற்க, பக்கத்தில் இருப்பவர் இன்னும் சிறுபிள்ளையாகவே இருப்பார். கனமான உடல்வாகு உள்ளவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தை அடக்கி மறுபடி எடுப்பதே பெரும்பாடு. ஹாக்கி கோல்கீப்பருக்கோ இந்த ஓட்டமே அதிகம் தேவைப்படாது. எல்லோருக்கும் 'லெவல் 7' என்று ஒரே கட்-ஆஃப் வைப்பது, மட்டை பிடிக்கத் தெரிந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வேலை.

இந்த எண் உண்மையில் உதவுவது பயிற்சியைப் பிரிப்பதற்குத்தான். எட்டாவது லெவலை முடித்து நின்றவரின் வேகம் மணிக்கு 12 கி.மீ.; 15 வினாடியில் 50 மீட்டர். ஐந்தாவது லெவலை முடித்து நின்றவருக்கு 10.5 கி.மீ.; 15 வினாடியில் 44 மீட்டர். ஆளுக்கேற்ற தூரத்தில் கோன் வைத்து, 15 வினாடி ஓட்டம், 15 வினாடி ஓய்வு என்று ஒரே விசிலில் எல்லோரையும் ஓட விடலாம். எல்லோரும் அவரவர் சக்திக்கு ஏறத்தாழ ஒரே அளவு உழைப்பார்கள். எல்லோருக்கும் 50 மீட்டர் என்றால் ஒருவர் திணறுவார், இன்னொருவருக்கு வியர்க்கவே வியர்க்காது.

உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மதிப்பெண்ணை அணி முன்னால் வரிசைப்படுத்தி வாசிக்காதீர்கள். ஒவ்வொரு மாணவரிடமும் அவரது பழைய ஷட்டில் எண்ணிக்கையையும் புதியதையும் மட்டும் தனியே காட்டுங்கள். அணியில் யார் ஆட வேண்டும் என்பதை ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.