ஓடிபி வந்தது, வாட்ஸ்அப் திறக்கவில்லை

தென்காசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய சிம்மில் சிக்னல் சரியில்லை என்று வேறு நிறுவனத்தில் புது எண் வாங்கினார். வாட்ஸ்அப்பில் Settings, Account, Change number என்று போய்ப் பழைய எண்ணையும் புது எண்ணையும் கொடுத்தார். குழுக்கள், புரொஃபைல் படம், அரட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஐந்தாறு மாதம் கழித்து மகன் புது போன் வாங்கித் தந்தான். அதில் வாட்ஸ்அப்பை நிறுவிப் புது எண்ணைத் தட்டினார். ஓடிபியும் வந்தது. அதைப் போட்டதும் அடுத்த திரை ஆறு இலக்கப் பின் நம்பரைக் கேட்டது.

“புது நம்பருக்கு நான் பின் நம்பரே போடலையேப்பா” என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மைதான். அந்தப் பின் நம்பரை எப்போதோ பழைய எண் இருந்த காலத்தில் போட்டிருந்தார். ஆனால் அது சிம்மோடு ஒட்டியதல்ல, வாட்ஸ்அப் கணக்கோடு ஒட்டியது. Change number கணக்கை முழுசாகத் தூக்கிப் புது எண்ணுக்குக் கொண்டுபோனபோது அந்தப் பூட்டும் கூடவே போய்விட்டது. இதனால்தான் சிம் நிறுவனத்தின் கடையில் போய் நின்றாலும் பயனில்லை. அவர்களிடம் இந்த எண் கிடையாது.

2017-இல் எல்லோருக்கும் வந்த இந்த ‘இரண்டு படி’ வசதிக்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஓடிபி நிரூபிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த நிமிஷம் அந்த சிம் யாரிடம் இருக்கிறது என்பதை. போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியவருக்கும் ஓடிபி வரும். பேச்சுக் கொடுத்து ஓடிபியைக் கேட்டு வாங்கும் மோசடிக்காரருக்கும் அது கிடைத்துவிடும். பின் நம்பர் அவர்களைத் தடுக்கத்தான். மறந்துபோன உரிமையாளரையும் திருடனையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல்.

இனி என்ன வழி? முன்பே மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் கவலையில்லை. Forgot PIN? என்பதைத் தொட்டால் அந்த முகவரிக்கு இணைப்பு வரும், பூட்டைக் கழற்றிவிடலாம். ஆனால் மின்னஞ்சல் சேர்ப்பது கட்டாயமில்லை என்பதால் பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். நம் ஆசிரியையும் அப்படித்தான். அவருக்கு ஏழு நாள் காத்திருப்பு. ஏழு நாள் கழிந்தால்தான் புதுப் பின் நம்பர் வைக்க முடியும். அதுவரை பிறந்த தேதி, கல்யாண தேதி என்று ஊகித்துப் பார்ப்பதில் லாபமில்லை. தவறாகப் போடப்போட அடுத்த முயற்சிக்கான இடைவெளி நீண்டுகொண்டே போகும். காசு கொடுத்தால் உடனே திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

இந்த ஏழு நாளையும் அவர் தவிர்த்திருக்கலாம். பழைய போனில் வாட்ஸ்அப் அன்று காலைவரை திறந்துதானே இருந்தது! திறந்திருக்கும் போனில் Settings, Account, Two-step verification என்று போனால் பழைய பின் நம்பரைக் கேட்காமலேயே புதிதாக வைத்துக்கொள்ளலாம், அணைத்தும் விடலாம். புது போனில் ஓடிபியைப் போட்ட பிறகு இந்த வாய்ப்பு கைநழுவிவிடும், ஏனென்றால் அப்போதே பழைய போனிலிருந்து கணக்கு வெளியேறிவிடுகிறது. ஆகவே முதல் வேலை பழைய போனில். கூகுள் டிரைவ் பேக்கப்பும் அப்படியே: எந்த எண்ணில் எடுத்தோமோ அதே எண்ணில்தான் திரும்பக் கிடைக்கும். எண்ணை மாற்றியவர்கள் மாற்றிய பிறகு ஒருமுறை புதிதாக பேக்கப் எடுத்துவைக்க வேண்டும்.

இதே திரை, எண்ணை மாற்றாதவர்களையும் திகைக்கவைக்கிறது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்போ, பயன்படுத்தாத கணக்கைப் பொதுவாக 120 நாள் கழித்துத்தான் நீக்குகிறது. அதனால் புத்தம்புது சிம் வாங்கியவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் பின் நம்பர் கேட்கப்படலாம். அவருக்கும் ஏழு நாள்தான் வழி. பழைய உரிமையாளர் Change number செய்துவிட்டுப் போயிருந்தால் அந்த எண்ணில் கணக்கே மிச்சமிருக்காது. சிம்மை மட்டும் தூக்கிப்போட்டுவிட்டு, வைஃபையில் பழைய எண்ணிலேயே வாட்ஸ்அப்பை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அந்த எண் இன்னொருவர் கைக்குப் போய், அவர் ஓடிபியைப் போட்டுப் பதிவுசெய்யும் நாளில், இவர்கள் போனில் வாட்ஸ்அப் நின்றுவிடும். திரும்பப் பதிவுசெய்ய ஓடிபி வேண்டும். அது அவருடைய போனுக்குத்தான் போகும். இவர்களிடம் பின் நம்பர் நினைவிருந்தும் பயனில்லை.