இரவு ஷிப்டும் இறங்காத சோறும்

சிவகாசி என்றதும் நினைவுக்கு வரும் பட்டாசுத் தொழிலில் இரவு வேலை கிடையாது. வெடிபொருள் விதிகள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே உற்பத்திக்கு இடம் தருகின்றன. விருதுநகர் மாவட்டத்தில் இராத்திரி முழுக்க விழித்திருந்து வேலை பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். ஆடிப்பெருக்கு சமயத்தில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆப்செட் அச்சகங்களில் சீசன் சூடுபிடிக்கும். மார்கழி வரை பல இடங்களில் இயந்திரம் இரவிலும் நிற்காது. நூற்பாலைகளுக்கோ சீசன் என்றே ஒன்று இல்லை. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து ராஜபாளையம், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் பெருகிய மில்களில் பகல், அரை நைட், முழு நைட் என்று ஆண்டு முழுக்க மூன்று ஷிப்ட் ஓடுகிறது.

இவர்களிடம் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் தூக்கத்துக்கு முன்னால் வயிற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம், இரண்டு மூன்று நாள் மலச்சிக்கல். எல்லாவற்றுக்கும் மேலாக, பசிக்க வேண்டிய நேரத்தில் பசிக்காது. பசிக்கக் கூடாத நேரத்தில் எதையாவது தின்னச் சொல்லும். கேன்டீன் சாப்பாடு சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று பழியைச் சாப்பாட்டின் மேல் போடுவது வழக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே சாப்பாட்டைப் பகலில் தின்றால் பாதித் தொல்லைதான் வரும். கோளாறின் பெரும்பகுதி சாப்பிடும் நேரத்தில் இருக்கிறது.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரம் பார்க்கிறது. இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றின் செல்களுக்குள்ளும் இதே போன்ற கடிகாரங்கள் ஓடுகின்றன. இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் 2017-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வயிற்றுக் கடிகாரங்களுக்கு வெளிச்சம் நேரடியாக எட்டாது. தலைமைக் கடிகாரம் அனுப்பும் சேதியையும், உணவு வந்து விழும் நேரத்தையும் வைத்து அவை தங்களைத் திருத்திக்கொள்கின்றன. பகலில் விழித்துப் பகலில் சாப்பிடுகிறவருக்கு இரண்டும் ஒத்துப்போகும். முழு நைட் பார்ப்பவருக்கு, மூளை ‘இது ராத்திரி’ என்கிறது. உள்ளே விழும் சோறு ‘இது பகல்’ என்கிறது.

நடு இரவில் வயிறு வேலையே செய்யாது என்பதல்ல, மெதுவாகச் செய்யும். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே மாதிரியான திட உணவைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்து, இரைப்பையில் பாதி காலியாக எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். இரவு உணவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தது. இரவு 8 மணிக்கே இப்படியென்றால், அதிகாலை 2 மணிக்கு உள்ளே போவது, கடையடைத்து ஷட்டரை இறக்கிய பிறகு வந்து நிற்கும் சரக்கு லாரி மாதிரிதான்.

இந்த மாவட்டத்தில் லாரியில் ஏறிவருவது பெரும்பாலும் பரோட்டா. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவின் ருசியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எண்ணெயில் மூழ்கிப் பொரிந்த மைதாவும் சால்னாவும் சிறுகுடலை எட்டியதும், கொழுப்பைக் கண்ட குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து இரைப்பைக்குத் தடை போடுகிறது. ‘முதலில் வந்ததைச் செரிக்கிறேன், அடுத்ததை மெதுவாக அனுப்பு’ என்பது அதன் பொருள். பகலிலேயே இந்தத் தடை உண்டு. இரவில் ஏற்கெனவே மந்தமாக இருக்கும் இரைப்பையின் மேல் இதுவும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே ஒரு இரவைப் பின்தொடர்ந்து பார்த்தால் இது தெளிவாகும். இரவு 11 முதல் காலை 7 வரை முழு நைட் பார்க்கும் ஒரு ரிங் பிரேம் சைடரை வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், பழக்கங்கள் கற்பனையல்ல. ‘ராத்திரி தாங்கணும்’ என்று 9.30-க்கு வீட்டில் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு மில் வேன் ஏறுகிறார். இரவு சுமார் 10 மணியிலிருந்து 2 மணி வரையில்தான் இரைப்பையில் அமிலச் சுரப்பு உச்சத்தில் இருக்கும். 2 மணிக்கு அரை மணி நேர இடைவேளை. 9.30 சோறே முழுதாக இறங்காத நிலையில் இரண்டு பரோட்டா அதன் மேல் விழுகிறது. 4 மணி வாக்கில் உடல் வெப்பம் மிகவும் குறைந்து கண் சொக்குகிறது. அந்த நேரத்தில் இரண்டு டீ. சிலருக்குப் புகையிலையும் உண்டு. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள வளையத் தசையைப் புகையிலை தளர்த்திவிடும், டீயும் சிலருக்குத் தளர்த்தும். 7 மணிக்கு வெளியே வருகிறார்.

காலை 8 மணிக்கு வீட்டில் சூடாக இட்லி. அவருக்கோ சாப்பாட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரவு முழுக்க நடந்த உடம்புக்கு ஏன் பசிக்கவில்லை என்று வீட்டில் கவலை. அமெரிக்காவில் சில பேரை வெளிச்சமும் நேரமும் தெரியாத அறையில் வாரக்கணக்கில் வைத்து, தூக்கத்தின் விளைவையும் உணவின் விளைவையும் பிரித்தெடுத்துப் பசியை மட்டும் அளந்த ஆய்வு ஒன்று 2013-இல் வந்தது. உடல் கடிகாரத்தின்படி பசி மிகக் குறைவாக இருக்கும் நேரம் காலை 8 மணி வாக்கு. மிக அதிகமாக இருக்கும் நேரம் இரவு 8 மணி வாக்கு. அதாவது நம் சைடர் வீடு வந்து சேரும் நேரமும் பசி அடிமட்டத்தில் இருக்கும் நேரமும் ஒன்று. அவருடைய வயிற்றில் நோய் ஒன்றுமில்லை, கடிகாரம் சொன்னபடி கேட்கிறது.

வற்புறுத்தலுக்காக நான்கு இட்லியைத் தின்றுவிட்டு அரை மணி நேரத்தில் படுக்கிறார். நிற்கும்போது கீழே தங்கியிருந்த அமிலம், படுத்ததும் மேலே ஏறுகிறது. விழித்திருந்தால் அடிக்கடி எச்சில் விழுங்கி அதைக் கழுவிவிடுவோம். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடும். பகல் 11 மணிக்கு நெஞ்செரிந்து எழுந்து உட்காருவது இதனால்தான். பெருங்குடலின் கதை இதற்கு நேர்மாறு. அது இரவில் அடங்கிக் கிடந்து, காலையில் நாம் எழும்போது வேகமாகச் சுருங்கி மலத்தைத் தள்ளும். அந்த நேரத்தில் இவர் தூங்கப் போகிறார். வந்த உந்துதல் தவறிப்போகிறது. மலம் கட்டுகிறது, வயிறு உப்புகிறது.

பெண் தொழிலாளியின் காலை இன்னும் கடினம். 7 மணிக்கு ஷிப்ட் முடித்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மதியத்துக்கும் சமைத்துவிட்டு அவர் படுக்க 10 மணி தாண்டும். தூக்கம் நான்கு மணி நேரமாகச் சுருங்கும்போது பசியும் கெடுகிறது. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. மனம் நாடியது இனிப்பையும் உப்புக் காரத்தையும் மாவுப் பண்டத்தையும். சாயங்காலம் சோறு இறங்கவில்லை என்கிறவர்கள் சாத்தூர் காராச்சேவு பொட்டலத்தைக் காலி செய்வதற்குக் காரணம் இது. அவர்களுடைய நாக்குக்குக் கட்டுப்பாடில்லை என்று பேசுவது அநியாயம்.

‘போகப் போகப் பழகிவிடும்’ என்பார்கள். ஒரே ஷிப்டிலேயே நீடித்தால் ஓரளவு பழகலாம். ஆனால் உடல் கடிகாரம் பொதுவாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேர மாற்றத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் தேவை. வாரந்தோறும் ஷிப்ட் மாறும் இடத்தில், பழகத் தொடங்கும்போதே அடுத்த மாற்றம் வந்துவிடுகிறது. காலையில் வெயிலைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்புவதால் பழைய நேரத்துக்கே மூளை ஒட்டிக்கொள்கிறது. கடிகாரம் பின்னால் தள்ளிப்போவது சுலபம், முன்னால் வருவது கடினம். ஆகவே பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையில் சுற்றுவது, முழு நைட்டிலிருந்து அரை நைட்டுக்கு வருவதைவிட உடம்புக்கு இலகு. ஷிப்ட் பட்டியல் போடுகிறவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் இது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வழி எளிமையானது. பெரிய சாப்பாட்டை 9.30-இலிருந்து 7.30-க்குக் கொண்டுவர வேண்டும். பசி உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். வேன் ஏறுவதற்குள் பாதியாவது இறங்கியிருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு வயிறு கேட்டால் இரண்டு இட்லி, மோர், வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, அவ்வளவு போதும். கடைசி டீ 3 மணிக்குள். காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டு, தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கமாகப் படுக்கலாம். எழுந்தபின் மதியம் 2, 3 மணிக்கு நிறைவான சாப்பாடு. பாஸ்டனில் 19 பேரைப் போலி இரவு ஷிப்டில் வைத்துச் சோதித்த 2021 ஆய்வில், இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சிறிய ஆய்வுதான், அதுவும் இளவயதுக்காரர்களிடம் நடந்தது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது, தாழ்சர்க்கரை வந்துவிடும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘கேஸ் மாத்திரை’ பற்றியும் சொல்ல வேண்டும். பான்டோபிரசோல், ஒமெபிரசோல் வகை மாத்திரைகள், உணவைக் கண்டு அமிலம் சுரக்கத் தொடங்கும் பம்புகளைத்தான் அடைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் பலன். ‘காலையில் வெறும் வயிற்றில்’ என்ற குறிப்பைப் படித்து, காலை 8 மணிக்கு அதை விழுங்கிவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் தூங்கிப்போகும் நைட் ஷிப்ட்காரருக்கு அதன் பலனில் பெரும்பகுதி கிடைக்காது. அவருடைய ‘காலை’ மதியம் 2 மணி என்பதை டாக்டரிடம் சொல்லி, நேரத்தைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் டைக்ளோபினாக் போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். குடற்புண்ணுக்கு அது ஒரு நேரான காரணம்.

மலம் தார் போலக் கறுத்து வந்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, சோறு தொண்டையில் அடைத்தாலோ அது ஷிப்ட் தந்த அஜீரணம் அல்ல. எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி இடக் கைக்கோ தாடைக்கோ பரவினால் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அதிகாலை 4 மணியானாலும் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, 108-ஐ அழைத்து ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும்.