இரண்டு விநாடிக்குள் எத்தனை இலக்கம்?

உளவியலாளர் விநாடிக்கு ஓர் இலக்கமாக வாசிக்கிறார்: 5, 8, 2, 6. அதே வரிசையில் திருப்பிச் சொன்னால், அடுத்த முறை ஓர் இலக்கம் கூடும். பெரும்பாலான பெரியவர்கள் ஏழு இலக்கங்களை ஒட்டித் தடுமாறத் தொடங்குவார்கள்.

1974இல் பிரிட்டனின் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் முன்வைத்த 'செயல்படு நினைவு' மாதிரி இதற்குக் காரணம் சொல்கிறது. கேட்ட ஒலிகளைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. ஒலியின் தடம் அங்கே சுமார் இரண்டு விநாடிகளில் மங்கிவிடும். மனதுக்குள் முணுமுணுத்துப் புதுப்பித்தால்தான் நிற்கும். வரிசை நீண்டால், கடைசி இலக்கத்தை முணுமுணுப்பதற்குள் முதல் இலக்கம் போய்விடுகிறது.

அப்படியானால் எண்ணிக்கையைவிட, சொல்வதற்கு ஆகும் நேரம்தானே முக்கியம்? எல்லிஸ், ஹென்னெல்லி இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வெல்ஷ் எண்ணுப்பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரமாகும். இரு மொழியும் அறிந்தவர்கள் வெல்ஷில் குறைவான இலக்கங்களையே திருப்பிச் சொன்னார்கள். சம்பந்தமில்லாத ஒன்றை வாய் ஓயாமல் சொல்லவைத்து முணுமுணுப்பைத் தடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்தது. ஆகவே, ஒரு மொழியில் வாங்கிய மதிப்பெண்ணை வேறு மொழிக்காரரின் மதிப்பெண்ணோடு நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை.

வரிசையில் 1, 9, 4, 7 அடுத்தடுத்து வந்தாலும் கணக்கு கெடும். அது நமக்கு நான்கு இலக்கமல்ல, ஒரே ஆண்டு.