வலிக்கவே வலிக்காது... ஆனா காலையே எடுக்க வெச்சிடும்! ‘மதுரா ஃபுட்’ பத்தித் தெரியுமா?

காலில் முள் குத்தாத விவசாயி யாரையாவது பார்த்திருக்கீங்களா? இருக்கவே முடியாது. வரப்பில் நடக்கும்போது கருவேல முள் ஏறும். அங்கேயே உட்கார்ந்து, ஊக்கை வைத்துக் கிளறி எடுத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்துவிடும். ஆனால், சிலருக்கு மட்டும் முள் வெளியே வந்த பிறகும் முள்ளோடு உள்ளே போன ஒன்று அங்கேயே தங்கிவிடுகிறது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், சத்தமே இல்லாமல் வளர்கிறது.

இதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் மைசிடோமா. இன்னொரு பெயர் நமக்கு ரொம்பப் பக்கம்: ‘மதுரா ஃபுட்’. ஆமாம், நம்ம மதுரைதான். 1842-ல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர், வீங்கிப்போய், ஆங்காங்கே ஓட்டை விழுந்து, சீழ் வடியும் கால்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். நான்கு வருடம் கழித்து கோல்புரூக் என்பவர் அதை ‘மதுரா ஃபுட்’ என்றே எழுத, ஊர்ப்பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டது. ‘மைசிடோமா’ என்ற பெயரை 1860-ல் வைத்தவர் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் இன்றும் தூக்கிச் சுமக்கும் ‘கிரேஸ் அனாட்டமி’ புத்தகத்தின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவரும் இவர்தான். அந்தப் பெயருக்கு ‘பூஞ்சைக் கட்டி’ என்று அர்த்தம். ஆனால், இந்த நோயைப் பூஞ்சை மட்டுமல்ல, சில வகை பாக்டீரியாவும் உண்டாக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயரில் பாதிதான் உண்மை. இந்தப் பாதி விஷயம் கால் தப்புமா, தப்பாதா என்பதையே தீர்மானிக்கும். அதற்கு அப்புறம் வருவோம்.

வலி ஏன் இல்லை?

இந்தக் கிருமிகள் மண்ணிலும் முள்ளிலும் சாதாரணமாக இருப்பவை. தோலுக்கு அடியில் போய்விட்டால் தனித்தனியாகத் திரியாது. ஒன்றாகச் சேர்ந்து, கெட்டியான குட்டிக் குருணையாக உருண்டுகொள்ளும். உடம்பின் எதிர்ப்புச் செல்கள் வந்து சூழ்ந்தாலும் அந்தக் குருணையை உடைக்க முடியாது. அதனால் சுற்றிலும் சதை தடித்து ஒரு கட்டி உருவாகிறது.

கட்டி என்றால் வலிக்கணுமே? இங்கேதான் இந்த நோயின் வஞ்சகம் இருக்கிறது. அது கொழுப்பைத் தின்னும், சதையைத் தின்னும், எலும்புக்குள்ளேயும் போகும். ஆனால் நரம்பையும் தசைநாரையும் ரொம்ப நாள் வரை தொடாது. நரம்பு நன்றாக இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி இருக்கும். விரல் அசையும், நடக்கவும் முடியும். உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பார். வலி வருவது பெரும்பாலும் கடைசியில்தான். எலும்பு நன்றாகப் பாதிக்கப்பட்ட பிறகோ, வடியும் ஓட்டை வழியாக வேறு கிருமி புகுந்து சீழ் பிடித்த பிறகோதான் வலிக்க ஆரம்பிக்கும்.

இது எப்படிப் படிப்படியாகப் போகும் என்பது புரிய, முருகேசன் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 34. அருப்புக்கோட்டை பக்கம் மானாவாரி நிலம். வலது உள்ளங்காலில் முள் குத்தி, எடுத்துவிட்டார். சில மாதம் கழித்து அதே இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது, வலிக்கவில்லை. “ஆணி விழுந்திருக்கும், விடு” என்கிறார். மனைவி ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்.

ஒரு வருடம் தாண்டியதும் கட்டியின் மேல் சின்னதாக ஒரு வாய் திறந்து, நீர் மாதிரி வடிகிறது. மெடிக்கலில் கேட்டு ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுகிறார். ஓட்டை மூடிக்கொள்கிறது. “பாத்தியா, சரியாப் போச்சு!” ஆனால் அது குணமானது இல்லை. இந்த நோயில் ஓட்டைகள் தானாகவே மூடும். கொஞ்ச நாளில் ஓர் அங்குலம் தள்ளி இன்னொன்று திறக்கும். அவர் சாப்பிட்ட மாத்திரைக்குக் கிடைத்தது வெறும் தற்செயலான பாராட்டு. ஒவ்வொரு தடவை மூடும்போதும் முருகேசனுக்கு நம்பிக்கை கூடுகிறது. அடுத்த ஓட்டை திறக்கும்போது, ‘போன தடவை மாதிரி இதுவும் ஆறிடும்’ என்று தோன்றுகிறது. வலி இல்லாதது முதல் ஏமாற்று என்றால், இது இரண்டாவது.

மூன்றாவது வருடம் பாதம் முழுக்கப் புடைத்து, செருப்பு நுழையவில்லை. பார்ப்பவர்கள் யானைக்கால் என்கிறார்கள். சர்க்கரைப் புண்ணோ, காசநோயோ என்று யாராவது சந்தேகப்படலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பாதத்தின் நீள எலும்புகள் பூச்சி அரித்த மரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிகின்றன.

துணியில் ஒட்டும் குருணை

இத்தனைக்கும் நடுவில் முருகேசனின் காலே துப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. வடியும் நீரில் கசகசா மாதிரியோ ரவை மாதிரியோ பொடிப்பொடியாக ஏதோ வந்துகொண்டிருந்தது. மண் என்று நினைத்து அவர் கழுவிவிட்டார். அது மண் இல்லை. கிருமிகள் உருண்டு சேர்ந்த அதே குருணைதான். வலியில்லாத வீக்கம், வடியும் ஓட்டைகள், குருணை ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால் மைசிடோமா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சுத்தமான காஸ் துணியை ராத்திரி ஓட்டை மேல் வைத்துக் கட்டிவிட்டு, காலையில் பிரித்துப் பார்த்தால் சிலருக்குக் குருணை அதில் ஒட்டியிருக்கும். அந்தத் துணியைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

நிறமும் ஒரு கதை சொல்லும். கறுப்பாக இருந்தால் கிட்டத்தட்ட எப்போதும் பூஞ்சை. சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை, மஞ்சள் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆழத்திலிருந்து சதை எடுத்து பயாப்ஸி பார்ப்பார்கள். மேலே வடிவதை மட்டும் சோதித்தால் தோலில் இருக்கும் வேறு கிருமிகள் வந்து குழப்பிவிடும். அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இரண்டும் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்டும்.

ஏன் இந்தப் பாடு? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால்தான்.

பாக்டீரியா வகை வேகமாகப் பரவும், எலும்பையும் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும். கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையோடு அமிகாசின் ஊசி சேர்த்து, மூன்று வாரச் சுற்றுகளாகக் கொடுப்பது பல இடங்களில் இருக்கும் முறை. அமிகாசின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால், நடுநடுவே காது கேட்கும் திறனையும் ரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் மருந்து எடுத்து, கால் வெட்டாமலே குணமானவர்கள் நிறைய.

பூஞ்சை வகை மெதுவானது. நிறைய நாள் ஒரு உறைக்குள் கட்டுப்பட்டே இருக்கும். ஆனால் மருந்து மட்டும் போதாது. இட்ராகொனசோல் மாத்திரை, பொதுவாக ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரு வருடம் அல்லது அதற்கும் மேல் போகும். கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும். (கேப்ஸ்யூல் என்றால் சாப்பாட்டோடு எடுக்கணும். கேஸ் மாத்திரையை அதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதை டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம்.) மருந்து நோயை ஒரு கெட்டியான உறைக்குள் சுருக்கும்; அதன் பிறகு அறுவை சிகிச்சையில் அதை முழுசாக எடுப்பார்கள்.

இப்போது முருகேசனிடம் திரும்பி வருவோம். அவருக்கு வந்தது பூஞ்சை வகை என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம், புளியங்கொட்டை அளவில் இருந்தபோதே வந்திருந்தால், சுற்றியிருக்கும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்துக் கட்டியை முழுசாக எடுத்திருக்கலாம். பாதம் அப்படியே இருந்திருக்கும். மூன்றாவது வருடம் வந்தால் பிரச்னையே வேறு. பாதத்தில் சின்னச் சின்ன எலும்புகள் நெருக்கமாக அடுக்கி இருக்கின்றன. நோய் ஒவ்வொன்றின் இடுக்கிலும் புகுந்துவிட்டால், எதை எடுப்பது, எதை விடுவது? கொஞ்சம் விட்டாலும் மறுபடி வளரும். மருந்தும் கேட்கவில்லை, பாதம் எடையும் தாங்கவில்லை, திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது என்றால், முழங்காலுக்குக் கீழே காலை எடுப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. விவசாயிக்குக் கால் போனால் நிலத்தை யார் பார்ப்பது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆரம்பத்திலேயே வந்தும் சிலருக்குக் கை நழுவிப் போகிறது. சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து, பயாப்ஸிக்கு அனுப்பாமல் அவசரமாகக் கீறி எடுத்துவிடுவதுதான் காரணம். அரைகுறையாக எடுத்த கட்டி முன்பைவிட அகலமாகத் திரும்பி வரும். அதனால், முள் குத்திய இடத்தில் வந்த கட்டியை யாராவது எடுத்தால், ‘பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?’ என்று கேட்பது தப்பே இல்லை.

“செருப்பு போட்டா வராதே” என்று சொல்வது சுலபம். சேற்று வயலில் செருப்போடு இறங்கிப் பார்த்தால் தெரியும். தவிர, முள் குத்தியதே ஞாபகம் இல்லாத நோயாளிகளும் உண்டு. வரப்பிலும் வேலியோரத்திலும் வேலை செய்யும்போதாவது கெட்டியான காலணி போடலாம். குத்திய முள்ளை முழுசாக எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டாது. எனவே வீட்டில் யாரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறீர்கள், அப்பாவோ சித்தப்பாவோ ஊரில் விவசாயம் பார்க்கிறார் என்றால், அடுத்த வீடியோ காலில் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘வலிக்குதாப்பா?’ என்று கேட்காதீர்கள். ‘இல்லடா’ என்றுதான் பதில் வரும். ‘கட்டி ஏதாவது இருக்கா? எத்தனை மாசமா இருக்கு? மூடி மூடித் திறக்குதா? கசகசா மாதிரி ஏதாவது வருதா?’ என்று கேளுங்கள். ஆம் என்றால், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முள் குத்தியதையும், இதுவரை போட்ட மாத்திரைகளையும் சொல்லச் சொல்லுங்கள். ஓட்டைகள் மூடி, வீக்கம் வடிந்த பிறகும் மருந்தை நிறுத்தும் முடிவை டாக்டரிடமே விட வேண்டும். நிறுத்திய பிறகும் சில வருடங்கள் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதிகளை உங்கள் போனில் ரிமைண்டராகப் போட்டு வையுங்கள். கால் நன்றாக இருக்கும்போது மருத்துவமனைக்குப் போக அப்பாவுக்கு ஞாபகம் வராது.